பாட்டில் ஒன்று, பின்னணி மூன்று

ஒரு நல்லெண்ணெய் பாட்டிலின் படம் இருக்கிறது. அதையே சமையலறை மேடை, மர மேசை, வெறும் சுவர் என மூன்று பின்னணிகளில் வைத்து, எந்த விளம்பரத்தை அதிகம் பேர் தட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றிலும் இடப்பக்கம் வாசகத்துக்கு இடம் வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் வரையும் ஏஐ மாடலிடம் "இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்" என்று எழுதிக் கேட்டால், பல நேரம் அங்கே ஒரு பூந்தொட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். அது கற்றுக்கொண்ட படங்களின் குறிப்புகளில் என்ன இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும்; என்ன இல்லை என்று யார் எழுதுகிறார்கள்?

மாடல் வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, அதைப் படிப்படியாக நீக்கிப் படமாக்குகிறது. எங்கே வெளிச்சம், எங்கே பெரிய பொருள் என்பதெல்லாம் முதல் சில படிகளிலேயே முடிவாகிவிடும். நுணுக்கங்கள் பிறகுதான் வரும். ஆகவே காலி இடத்தை வார்த்தையால் கேட்காமல், தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். பாட்டிலை வலப்பக்கம் நிறுத்தி, இடப்பக்கம் வெளிர் நிறம் பூசிய ஒரு கச்சாப் படத்தைக் கொடுத்து, அதன்மேல் இரைச்சல் தூவச் சொல்லலாம். தூவும் அளவு 1 என்றால் கச்சாப் படம் முழுவதும் அழிந்துவிடும். 0.7 பக்கம் வைத்தால் நிறத்திட்டு தங்கும், பின்னணியும் புதிதாக வரும்.

அடுத்து பாட்டில். அதை மாஸ்க் போட்டு மறைத்து, மற்ற இடத்தை மட்டும் வரையச் சொல்கிறோம். ஆனாலும் லேபிளில் உள்ள பொடி எழுத்துகள் குழம்பும். காரணம், மாடல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் கையாள்கிறது. மறைத்த பகுதியும் சுருங்கித்தான் விரிகிறது. அதனால் கடைசியில் அசல் பாட்டிலை அப்படியே மேலே ஒட்டிவிடுவது நல்லது. ஒட்டும் முன் விளிம்பைப் பாருங்கள். பாட்டில் இன்னும் நீள்கிறது என்று நினைத்து, மாடல் மூடிக்கு மேல் இன்னொரு மூடி வரைந்திருக்கலாம். அடியில் நிழல் விழ வேண்டிய இடத்தையும் சேர்த்து மறைத்திருந்தால், பாட்டில் அந்தரத்தில் மிதக்கும். அசல் படத்தில் வெளிச்சம் இடமிருந்து வந்தால், பின்னணியிலும் இடமிருந்தே கேளுங்கள்.

மூன்றிலும் பாட்டிலின் இடம், அளவு, வாசகம், எழுத்தின் நிறம் எதுவும் மாறக் கூடாது. மாறினால், தட்டியது பின்னணிக்காகவா, படிக்க எளிதாக இருந்ததற்காகவா என்று பிரிக்க முடியாது. சமையலறைப் படத்தின் இடப்பக்கம் மட்டும் இருண்டு போனால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுப்பதே மேல்.

சரி, ஒவ்வொன்றையும் 1,000 பேருக்குக் காட்டினோம்; ஒன்றுக்கு 10 தட்டல், இன்னொன்றுக்கு 12. இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். 1 சதவீதத்தையும் 1.2 சதவீதத்தையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல, ஒவ்வொரு படத்தையும் 40,000 பேருக்கு மேல் பார்க்க வேண்டும். பின்னணியை முப்பதாக்க ஒரு மதியம் போதும், ஆனால் பார்க்க 12 லட்சம் பேர் வேண்டும்.