வி-ஒன் கேட்டதும் கை விலகும்

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கேப்டனின் வலது கை எஞ்சின் லீவர்கள் மேலேயே இருக்கும். விமானத்தை ஓட்டுவது துணை விமானியாக இருந்தாலும் அப்படித்தான். காதில் “வி-ஒன்” என்று விழுந்ததும் அந்தக் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏதாவது வெடித்தாலும் பழக்கத்தில் கை லீவரைப் பின்னால் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது.

வி-ஒன்னைத் தமிழில் ‘முடிவெடுக்கும் வேகம்’ என்கிறோம். எனக்கு அந்தப் பெயரோடு கொஞ்சம் சண்டை உண்டு. அந்த வேகத்தில் யோசிக்கத் தொடங்கலாம் என்று அது நினைக்க வைக்கிறது. உண்மையில் நிறுத்துவதானால் யோசித்து முடித்து, பிரேக்கோ லீவரோ முதல் அசைவைக் காட்டியிருக்க வேண்டிய கடைசி வேகம் அது.

அதைக் கணக்கிடும்போது இரண்டு தூரங்களை ஒப்பிடுவார்கள். எஞ்சின் ஒன்று வி-ஒன்னுக்கு ஒரு நொடியாவது முன்னால் செயலிழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே தொடர்ந்தால், மீதி எஞ்சினை மட்டும் வைத்து ஓடுபாதைக்கு மேல் 35 அடி உயரத்தை எட்ட எவ்வளவு தூரம் தேவை? நிறுத்தினால் முழுவதும் நிற்க எவ்வளவு தூரம் தேவை? வி-ஒன்னைக் கூட்டினால் நிறுத்தும் தூரம் நீளும், தொடரும் தூரம் சுருங்கும். குறைத்தால் தலைகீழ். இரண்டும் சமமாகும் வேகத்தை எடுத்துக்கொள்வது ஒரு வழக்கம். ஓடுபாதை தாராளமாக இருந்தால் ஒரே எண்ணாக இல்லாமல் ஓர் இடைவெளியே கிடைக்கும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

அந்த இடைவெளிக்கும் எல்லைகள் உண்டு. ஓர் எஞ்சின் போனால் விமானம் அந்தப் பக்கமாக இழுக்கும். அதைத் தரையில் சுக்கானால் மட்டுமே பிடித்து நிறுத்தக்கூடிய குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே வி-ஒன் போகக் கூடாது. மேல்பக்கம், பிரேக் தாங்கக்கூடிய வெப்பம் ஓர் எல்லை. மூக்கைத் தூக்கும் வேகமான வி-ஆர் இன்னோர் எல்லை. மழை நாளில் நிறுத்தும் தூரம் நீள்வதால் வி-ஒன்னைச் சில நாட், அதாவது மணிக்குச் சில கடல் மைல், குறைப்போம். அதனால் தொடரும் பக்கம் இறுகும். அதை ஈடுகட்ட விதியே 35 அடியை 15 அடியாகக் குறைத்துக்கொள்கிறது. ஈரமான ஓடுபாதையில் பாதுகாப்பு இடைவெளி உலர்ந்த நாளைவிடக் குறைவு என்பதை விதியே ஒப்புக்கொள்வதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வி-ஆர் வேறு கேள்விக்கான பதில். அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால், ஓர் எஞ்சின் இல்லாவிட்டாலும் 35 அடியை எட்டும்போது பாதுகாப்பாக ஏறும் வேகம் கிடைத்திருக்க வேண்டும். எடை, இறக்கையில் இறக்கிவிடும் ஃபிளாப் தகடுகளின் நிலை, வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் அதற்குள் இருந்தாலும் எடையின் பங்குதான் பெரியது. 2009 மார்ச்சில் மெல்பர்னில் ஓர் ஏர்பஸ் ஏ340 புறப்பட்டபோது 362.9 டன் என்று போட வேண்டிய இடத்தில் 262.9 என்று கணக்கில் ஏறிவிட்டது. ஓர் இலக்கம்தான். நூறு டன் லேசான விமானத்துக்கான வேகமும் எஞ்சின் விசையும் கிடைத்தன. மூக்கைத் தூக்கியும் விமானம் எழும்பாமல் வால் ஓடுபாதையில் உரசியது. ஓடுபாதை முடிந்தபிறகே ஒருவழியாக மேலேறி, சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. கிடைத்த எண்கள் இந்த எடைக்குப் பொருந்துகின்றனவா என்று மனதிலேயே ஒருமுறை உரசிப் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால், கம்ப்யூட்டர் தப்பான எண்ணையும் அதே நம்பிக்கையோடுதான் காட்டும்.

சரி, நிறுத்துவது என்றால் என்ன நடக்கும்? நான் ஓட்டும் ஏ320-இல் கேப்டன் “ஸ்டாப்” என்பார். லீவர்களை எஞ்சினின் குறைந்தபட்ச விசையான ஐடிலுக்கு இழுத்து, உடனே விசையை எதிர்ப்பக்கம் திருப்பும் ரிவர்ஸுக்குப் போவார். இறக்கைமேல் ஸ்பாய்லர் தகடுகள் எழும்பும். அவை எழும்பியதும் முன்பே தயார் நிலையில் வைத்திருந்த ஆட்டோபிரேக் முழு விசையில் பிடிக்கும். துணை விமானி ரிவர்ஸ் திறந்ததா, வேகம் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்த்து உரக்கச் சொல்வார், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் தகவல் தருவார். நின்றதும் பார்க்கிங் பிரேக். அப்புறம்தான் தீ இருக்கிறதா, பயணிகளை இறக்க வேண்டுமா என்ற கேள்வி.

100 நாட் வேகத்துக்குள் எந்தச் சந்தேகத்துக்கும் நிறுத்தலாம். அதற்கு மேல் தீ, எஞ்சின் செயலிழப்பு, பெரிய சேதம், இனிப் பறக்காது என்று தெளிவாகத் தெரிவது போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். காரணம் எளிது. 140 நாட் வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 100 நாட் வேகத்தில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 70 மீட்டர் ஓடுபாதை கழிந்துவிடும். விமானத்துக்குத் தரச்சான்று தரும்போது போடும் கணக்கு வி-ஒன் வேகத்தில் இரண்டு நொடிக்கான தூரத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் தருகிறது. தயங்கினால் அது அப்படியே போய்விடும். சிமுலேட்டரில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வி-ஒன்னை நெருங்கும்போது டயர் வெடிக்கும் பயிற்சியில்தான். சத்தமும் அதிர்வும் கையைப் பின்னால் இழுக்கச் சொல்லும். ஆனால் டயர் போனால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் போகிறது, நிறுத்தும் கணக்கே பொய்யாகிறது. எஞ்சின் நன்றாக இருந்தால் மேலே போய்விடுவதே நல்லது.

வி-ஒன் தாண்டினால் நிறுத்தக் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: விமானம் பறக்கவே முடியாது என்ற நிலை. 2017 மார்ச் 8, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி. மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியோடு 116 பேரை ஏற்றிய ஓர் எம்டி-83 ரக விமானம். வி-ஒன் 139 நாட். அழைப்பு வந்தது, வி-ஆர் வந்தது. கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தார், மூக்கு எழவில்லை. இன்னும் இழுத்தார். அசையவில்லை. 150 நாட் வேகத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் அவர் நிறுத்தத் தீர்மானித்தார்.

அந்த விமானம் பறப்பதற்கு முன் இரண்டு நாள் திறந்தவெளியில் நின்றிருந்தது. அருகிலிருந்த பெரிய விமானக் கொட்டகையைச் சுற்றிச் சுழன்ற பலத்த காற்று, மூக்கை ஏற்றி இறக்க உதவும் வால் தகடான எலிவேட்டரை, வலதுபக்கத்தில் கீழ்நோக்கித் தள்ளி இறுக்கிவிட்டது. இந்த ரகத்தில் விமானியின் தண்டு எலிவேட்டரை நேரடியாக அசைப்பதில்லை, அதன் ஓரத்திலுள்ள சிறு தகட்டை மட்டுமே அசைக்கும். அதனால் புறப்படுமுன் செய்த சோதனையில் தண்டு தாராளமாக முன்னும் பின்னும் போனது. பூட்டிக்கிடந்த எலிவேட்டரை அங்கிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

கேப்டனை மேற்பார்வையிட்டபடி வலப்பக்கம் இருந்த பரிசோதகர் விமானிதான் அந்தப் பயணத்தின் பொறுப்பாளர். வி-ஒன் தாண்டி நிறுத்தக் கூடாது என்பது அவர் எலும்பில் ஊறிய பாடம். அப்படி இருந்தும் அவர் கட்டுப்பாட்டைப் பிடுங்கவில்லை. ஒருவர் நிறுத்த, இன்னொருவர் தள்ள என்று ஆகியிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும். விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்து, ஒரு சாலையைக் கடந்து நின்றது. ஒருவருக்கு மட்டும் சிறு காயம். ஓடுபாதை முனைக்கு அப்பால் இருந்த பாதுகாப்புப் பகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன்தான் மேம்படுத்தியிருந்தார்கள், அதுவும் கைகொடுத்தது.

இப்படி நிற்கும் விமானத்தில் நீங்கள் இருந்தால், அறிவிப்பு வரும்வரை இருக்கையிலேயே இருங்கள். சக்கரங்கள் அப்போது நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். சூடு மிஞ்சினால் சக்கரத்திலுள்ள உருகு அடைப்பான்கள் உருகி, டயர் வெடிக்காமல் காற்றை விட்டுவிடும். ஆனாலும் தீயணைப்பு வீரர்கள் சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருங்குவதில்லை, முன்னாலோ பின்னாலோதான் வருவார்கள். இறங்கச் சொன்னால் பையை விட்டுவிட்டு இறங்குங்கள், சக்கரங்களை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள்.