குதிரை ஈனும்போது மாட்டுக் கணக்கு உதவாது

பொள்ளாச்சி, பாலக்காடு எல்லையில் கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தோட்டங்களில் மாடு கன்று போடுவதைப் பார்க்காமல் வளர்ந்தவர் குறைவு. கால் தெரிந்து ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் பதறுவதில்லை. பசு முக்கி முக்கி ஈன்றுவிடும், இளங்கொடி பொழுது விடிவதற்குள் விழுந்தால் போதும் என்பது எல்லோருக்கும் பழகிய கணக்கு. அதே தோட்டங்களில் இப்போது ரேக்ளாவுக்காகவும் ஆசைக்காகவும் குதிரை வளர்க்கிறார்கள். அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி வந்த பெட்டைக் குதிரை சினையாகி நிற்கும்போது, மாட்டுக் கணக்கையே அதற்கும் போடுகிறார்கள். கால்நடை மருத்துவனாக நான் பார்த்த வரையில், பிழைத்திருக்க வேண்டிய குட்டிகளைப் பறிகொடுப்பது இந்தக் கணக்கால்தான்.

வித்தியாசம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை நூறு வாக்கில் தனித்தனி முடிச்சுகளாகப் பிடித்திருக்கும். பிரசவம் இழுத்துக்கொண்டே போனாலும் இந்த முடிச்சுகள் சீக்கிரம் விடுவதில்லை. கன்றுக்குத் தாயிடமிருந்து ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும். குதிரைக்கு முடிச்சுகள் கிடையாது. நஞ்சுக்கொடியின் வெளிப்பரப்பு முழுவதும் நுண்ணிய இழைகளால் கருப்பையின் உட்புறத்தோடு மேலாக ஒட்டியிருக்கும். குதிரை பலமாக முக்கத் தொடங்கியதும் அந்த ஒட்டு விட ஆரம்பிக்கும். விட்ட அளவுக்குக் குட்டிக்கு மூச்சு குறையும். அதனால்தான் குதிரையின் பிரசவம் இயற்கையாகவே வேகமானது. அந்த வேகம் தடைப்பட்டால் நிமிடக் கணக்கில் குட்டி போய்விடும்.

சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். 320 நாளிலும் ஈனலாம், ஒரு வருடம் தாண்டியும் நல்ல குட்டி பிறக்கலாம். எனவே நாளை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது. மடியைப் பார்க்க வேண்டும். ஈனுவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பு மடி இறங்கத் தொடங்கும். கடைசி சில நாளில் காம்பும் நிறையும். காம்பு நுனியில் மஞ்சள் மெழுகுத் துளி போல ஒன்று உறைந்து நின்றால், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈன்றுவிடும். மெழுகே தெரியாமல் ஈனும் குதிரையும் உண்டு.

முதல் கட்டம் தொடங்குவது பெரும்பாலும் இரவில்தான். குதிரை ஒரு நிலையில் நிற்காது. காலால் தரையைக் கீறும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், படுக்கும், எழும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாணம் போடும். விலாவிலும் முன்னங்காலின் பின்புறத்திலும் வேர்வை அரும்பும். பார்ப்பதற்கு வயிற்றுவலி போலவே இருக்கும். உள்ளே அப்போது கருப்பை வாய் திறக்கிறது. மல்லாந்து கிடந்த குட்டி புரண்டு, முன்னங்கால்களை நீட்டி வெளியே வரும் வாக்கில் திரும்புகிறது. இந்தக் கட்டம் ஒரு மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். விளக்கைப் போட்டுக்கொண்டு ஆள்கள் சுற்றி நின்றால் குதிரை இதைத் தள்ளிப்போடவும் செய்யும். வாலைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, தூரத்தில் இருந்து சத்தமில்லாமல் பார்ப்பதே நல்லது.

பனிக்குடம் உடையும் அந்த நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள். பழுப்பு மஞ்சள் நிறத்தில் பல லிட்டர் தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டும். இரண்டாம் கட்டம் இங்கே தொடங்கி, குட்டி முழுதாக வெளியே விழும்போது முடிகிறது. மொத்தம் 20 நிமிடம், மிஞ்சினால் 30. குதிரை ஒருக்களித்துப் படுத்து, கால்களை நீட்டிக்கொண்டு முக்கும். ஐந்து நிமிட வாக்கில் நீலம் கலந்த வெள்ளைப் பை ஒன்று வெளியே தெரியும். அதற்குள் ஒரு முன்னங்குளம்பு, அதற்கு ஒரு சாண் பின்னால் இன்னொரு குளம்பு, இரண்டும் அடிப்பாகம் தரையைப் பார்த்தபடி. முழங்கால் மேல் படிந்தபடி மூக்கு. இப்படி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தோள் தாண்டிவிட்டால் மற்றது வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

தண்ணீர் கொட்டிப் பத்து நிமிடம் ஆகியும் பையோ காலோ தெரியவில்லை என்றால் ஏதோ சிக்கல் என்றே கொள்ள வேண்டும். ஒரு கால் மட்டும் வருவது, காலில்லாமல் மூக்கு வருவது, இரண்டு கால் வந்தும் மூக்கு தட்டுப்படாமல் இருப்பது எல்லாமே உடனடி ஆபத்து. குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்தால் இரண்டில் ஒன்று: குட்டி தலைகீழாகக் கிடக்கிறது, அல்லது வருவது பின்னங்கால். காலின் முதல் இரண்டு மூட்டுகளை மடக்கிப் பார்த்தால் தெரியும். இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இந்த நிலையில் எதையும் இழுக்கக் கூடாது. கயிறு கட்டி நாலு பேர் இழுப்பது மாட்டிலேயே கெடுதல். குதிரையில் குட்டியும் போகும், தாயும் கிழிபடும். மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வரும்வரை குதிரையை எழுப்பி மெதுவாக நடக்க வையுங்கள். நடக்கும்போது முக்குவது குறையும், குட்டி சற்று உள்ளே சரியும். உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய மருத்துவருக்கு அந்த இடம் தேவைப்படும்.

மருத்துவருக்காகக் காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு.

கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தென்னந்தோப்பில் பத்து வயதுக் குதிரை. உரிமையாளர் காலங்காலமாக மாடு வைத்திருப்பவர். நடுச்சாமத்தில் போன் வந்தது.

"டாக்டருங்க, தண்ணிக்கொடம் இன்னும் ஒடையலீங்க. ஆனா செவப்பா ஒரு பை வெளிய வந்திருக்குதுங்க."

"வெள்ளையாங்கண்ணா, செவப்பாங்க?"

"நல்ல செவப்புங்க. தொட்டா வெல்வெட்டுத் துணியாட்ட இருக்குதுங்க."

நஞ்சுக்கொடி உடைய வேண்டிய இடத்தில் உடையாமல், கருப்பையை விட்டு முழுசாகக் கழன்று, குட்டிக்கு முன்னால் தானே வந்துகொண்டிருந்தது. குட்டி இன்னும் பைக்குள்ளே. தாயோடு இருந்த மூச்சுத் தொடர்பு அறுந்துகொண்டிருக்கிறது. நான் போய்ச் சேர முக்கால் மணி நேரமாகும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் இருந்தது அதிர்ஷ்டம். சிவப்புப் பையைக் கையால் குட்டியிலிருந்து விலக்கிப் பிடித்து வெட்டச் சொன்னேன். தண்ணீர் கொட்டியது. உள்ளே இருந்த வெள்ளைப் பையையும் கிழித்து, இரண்டு காலும் மூக்கும் இருப்பதைத் தடவிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குதிரை முக்கும்போது மட்டும் அதன் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்வாக்கில் இழுக்கச் சொன்னேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவரும் மகனும் இழுத்தார்கள். குட்டி துவண்டு விழுந்தது. மூக்கைத் துடைத்து, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து, சாக்கால் அழுத்தித் தேய்த்ததும் மூச்சு வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பளபளவென்று வழவழப்பாக இளஞ்சிவப்பில் ஏதாவது பிதுங்கினால் அது தாயின் சொந்த உறுப்பாக இருக்கலாம், வெட்டக் கூடாது. அடர் சிவப்பு, மேற்பரப்பு வெல்வெட்டு போல, வெடித்துத் திறக்க வேண்டிய இடத்தில் வெளிறிய நட்சத்திர வடிவத் தடம். இவை சேர்ந்திருந்தால்தான் நஞ்சுக்கொடி.

நான் போனபோது நஞ்சுக்கொடி விழுந்துவிட்டிருந்தது. விரித்துப் பார்த்தேன். அந்த நட்சத்திரத் தடத்தைச் சுற்றித் தடித்து, பழுப்பு நிறப் பிசினாக இருந்தது. கருப்பை வாய் வழியாகக் கிருமி ஏறி, நஞ்சுக்கொடி புண்ணாகியிருந்ததன் அடையாளம். தடித்ததால்தான் அது உடையவில்லை. இதற்கு முன்னறிவிப்பு இருந்ததா என்று கேட்டேன். இருந்தது. ஒன்பதாவது மாதம் முடியும்போதே மடி விட்டு, பால் சொட்டியிருக்கிறது. "நல்ல பால் சாதி" என்று வீட்டில் மகிழ்ந்திருக்கிறார்கள். சினைக் குதிரைக்கு நாள் இருக்கும்போதே மடி விட்டாலோ, பின்னால் சீழ் போல வடிந்தாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அப்போது சிகிச்சை தொடங்கினால் பல குட்டிகளை நாள் நிறையும்வரை உள்ளேயே காப்பாற்றலாம்.

பால் சொட்டியதில் இன்னொரு நட்டமும் உண்டு. குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சத்து ஏதுமில்லாமல்தான் பிறக்கிறது. அது முழுவதும் சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். குடல் அதை உறிஞ்சுவது முதல் 12 மணி நேரத்தில் நன்றாக இருக்கும், ஒரு நாள் கழிந்தால் நின்றுவிடும். இந்தக் குதிரையின் சீம்பால் பெரும்பாலும் முன்பே வடிந்துபோயிருந்தது. நல்ல குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்துக்குள் காம்பைப் பிடிக்கும். இது நிற்கவே இரண்டு மணி நேரமானது. நின்றபின் மடியைத் தேடாமல் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டிப் பிறந்த குட்டிகள் இப்படித்தான் மந்தமாக இருக்கும். இருந்த சீம்பாலைக் கறந்து மூக்கு வழியே குழாயில் கொடுத்தேன். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சத்து குறைவாகவே இருந்ததால், ஆரோக்கியமான வேறொரு குதிரையின் பிளாஸ்மாவை ஏற்ற வேண்டியிருந்தது. நான்காம் நாள்தான் தானாகக் காம்பைப் பிடித்தது. பிழைத்துக்கொண்டது.

தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம். குட்டியோ தாயோ எழும்போது, வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தானே அறும். மருத்துவர் தரும் கிருமிநாசினியில் அந்த நுனியை நனைத்தால் போதும்.

மூன்றாம் கட்டம் நஞ்சுக்கொடி விழுவது. மாட்டுக் கணக்கு மிக மோசமாகப் பொய்ப்பது இங்கேதான். பசுவுக்கு 12 மணி நேரம் பொறுக்கலாம். குதிரைக்கு மூன்று மணி நேரம்தான். அதற்கு மேல் உள்ளே தங்கினால் கருப்பை அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறி, குளம்பின் உட்சதை வீங்கிக் குதிரை நிரந்தரமாக நொண்டியாகலாம், செத்தும் போகலாம். தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுவதோ இழுப்பதோ வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு துண்டு அறுந்து நின்றுவிடும். குதிரை மிதிக்காதபடி கணுக்காலுக்கு மேலே சுருட்டி முடிந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

விழுந்த கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தொங்கவிடலாம், ஆனால் மருத்துவர் பார்த்த பிறகு. அதுவரை நாய் தூக்காமல் ஒரு வாளியில் மூடி வையுங்கள். தரையில் விரித்தால் கால்சட்டை போல இரண்டு கிளை தெரியும்: குட்டி இருந்த கிளை பெரிது, காலியாக இருந்தது சிறிது. சிறிய கிளையின் நுனிதான் பெரும்பாலும் அறுந்து உள்ளே தங்கும். இரண்டு நுனியும் முழுசாக இருந்தால் கவலையில்லை. சிறிய கிளை நுனியில்லாமல் கிழிந்திருந்தால், குதிரை நன்றாகத் தின்றுகொண்டு நின்றாலும் அன்றே கருப்பையைக் கழுவியாக வேண்டும்.