லிமிட்டுக்கு வரம்பு என்று யார் சொன்னது?

அக்கா மகன் போன வாரம் நுண்கணித வகுப்பு ஸ்லைடுகளைக் கொண்டுவந்தான். ஒன்றில், “சார்பின் வரம்பு என்பது அது நெருங்கும், ஆனால் தாண்டாத மதிப்பு” என்று இருந்தது. “தாண்டுதே மாமா” என்றான். பையன் சொன்னது சரி. லிமிட்டை ‘வரம்பு’ ஆக்கும் பழக்கத்தை இத்தோடு எத்தனையாவது தடவை பார்க்கிறேனோ.

வேரில் பார்த்தால் வரம்புக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லத்தீன் ‘லீமெஸ்’ நிலத்துக்கு நிலம் பிரிக்கும் எல்லைத் தடம், ஏறக்குறைய நம் வரப்புதான். ஆனால் சொல் எங்கே பிறந்தது என்பதை விட, தமிழில் அதைக் கேட்டதும் மனதில் என்ன எழுகிறது என்பதுதான் முக்கியம். வேக வரம்பு, வரம்பு மீறிய பேச்சு, எல்லாமே தாண்டக்கூடாதவை. கணிதத்தின் லிமிட்டில் அந்தத் தடை இல்லவே இல்லை.

அவனுடைய கணக்கையே எடுப்போம். f(x) = x², x = 3 என்ற இடத்தில் சாய்வு வேண்டும். பக்கத்தில் 3+h என்று ஒரு புள்ளி எடுத்து, இரண்டையும் சேர்க்கும் கோட்டின் சாய்வைக் கண்டால்:

((3+h)² − 9) / h = 6 + h

h = 0.1 என்றால் 6.1; h = −0.1 என்றால் 5.9. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுகிறது. 6-ஐ எது தடுத்தது? h = 0 என்று நேரே போட்டால் 0/0 வந்து நிற்கும். அதனால்தான் வரையறை 0 < |h| என்று கேட்கிறது: அந்த ஒரு புள்ளியைத் தொடாமல், சுற்றுவட்டாரத்தை மட்டும் பார்.

சரி, ‘நெருங்குகிறது’ என்று மட்டும் சொன்னால் போதாதா? போதாது. 6.1, 6.01, 6.001 என்ற எண்கள் ஒவ்வொரு படியிலும் 5-ஐயும்தான் நெருங்குகின்றன! 5 ஏன் விடை இல்லை என்பதை அந்தச் சொல் சொல்லாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸ் வகுத்த ε–δ வரையறை சொல்லும். அது ஒரு சவால் மாதிரி. எவ்வளவு பிழையைப் பொறுப்பாய் என்று நீ சொல், அது ε. h-ஐ எவ்வளவுக்குள் வைக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், அது δ. நீ 0.01 என்றால், 6+h-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் |h|தான். ஆகவே நானும் h-ஐ 0.01-க்குள் வைத்தால் தீர்ந்தது. எந்தப் பிழையைச் சொன்னாலும் இதே பதில், δ = ε. 5 தான் விடை என்று ஒருவன் வந்தால், 0.5 பிழைக்குள் காட்டு என்போம். h சிறுத்த பிறகு சாய்வு 6-ஐ ஒட்டியே கிடப்பதால், அவனால் ஒருபோதும் முடியாது. நெருங்குவது அல்ல, கேட்ட அளவுக்கு நெருங்குவது, அதுதான் லிமிட்.

இதற்கு நம் பாடநூல்கள் பல காலமாக ‘எல்லை’ என்கின்றன. எல்லையையும் மீறலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். அந்தச் சொல்லிலும் வேலியின் வாடை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘எல்லையை எட்டினான்’ என்கிறோம், போய்ச் சேரும் இடம் என்ற பொருளும் அதில் இருக்கிறது. ‘வரம்பை எட்டினான்’ என்றால் இனி அவனுக்கு இடமில்லை என்றுதான் காதில் விழும்.

அதைவிடப் பெரிய காரணம், வரம்புக்கு வேறு வேலை காத்திருக்கிறது. ஒரு தொடர்வரிசையின் உறுப்புகள் ஏதோ இரண்டு எண்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்று சொல்ல அதுதான் பொருத்தம். 1, −1, 1, −1 என்று போவதற்கு வரம்பு உண்டு, எல்லை கிடையாது. எல்லாவற்றுக்கும் வரம்பு என்று போட்டுவிட்டு இதை எழுதிப் பாருங்கள்: “வரம்புள்ள தொடர்வரிசைக்கு வரம்பு இருக்கத் தேவையில்லை.” பிள்ளை ஸ்லைடை மூடிவிட்டுத் தூங்கப் போவான். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அதே சொல் எதற்குத் தேவைப்படும் என்று பார்ப்பதே இல்லை.

அப்புறம் அதே தொகுப்பில் “x²-இன் வழித்தோன்றல் 2x” என்று இன்னொரு ஸ்லைடு. மேலே கண்ட சாய்வுக்கு, அதாவது டெரிவேட்டிவுக்கு, இந்தப் பெயராம்! சோழர் பரம்பரையா இது? 1797-இல் கணித அறிஞர் லக்ராஞ்சு இதற்கு வைத்த பிரெஞ்சுப் பெயரின் வேர், ஓடையிலிருந்து நீரைப் பிரித்து விடுவது. இலங்கையில் சொல்லும் ‘பெறுதி’ அந்தக் கருத்துக்கு அருகில் நிற்கிறது. இங்கே நாம் சொல்லும் வகைக்கெழு இன்னும் ஒரு படி மேல் என்பேன். (3+h)² = 9 + 6h + h² என்று விரித்துப் பாருங்கள். h சிறுத்தால் h² இன்னும் வேகமாகச் சிறுத்துவிடும்; மாற்றத்தில் கணக்கில் நிற்பது 6h மட்டுமே. அந்த h-இன் கெழுதான் 6.