கொண்டல் கொண்டுவரும் சுமை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையற்பயிற்சிக் கூடம் நடத்தும் வாசகி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஏசியின் திரை 24 டிகிரி என்று காட்டுகிறது, கையை வைத்தால் காற்றும் குளிர்ச்சியாகத்தான் வருகிறது, ஆனாலும் பிற்பகலில் அறை முழுவதும் பிசுபிசுக்கிறது, துணி நமத்துப்போகிறது, இயந்திரத்தில் கோளாறா என்று கேட்டிருந்தார். இயந்திரத்தில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. அதைத் தேர்ந்தெடுத்தவரின் கணக்கில்தான் இருக்கும். அண்மையில் எங்கள் அலுவலகத்து இளம் பொறியாளர் ஒருவரின் குளிர்விப்புச் சுமைக் கணக்கைச் சரிபார்த்து நான் எழுதிக் கொடுத்த குறிப்புத்தாளே இக்கேள்விக்கும் விடையாக அமையும் என்பதால், அதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரைக்கு நடந்துபோகும் தொலைவில் ஒரு பயிற்சி மையம். தரைத்தளத்தில் 15 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ஒரு வகுப்பறை. அதில் 60 பேர். மேலே இன்னொரு தளமும் அங்கும் ஏசியும் இருப்பதால் கூரைவழி வரும் வெப்பத்தைப் பற்றிக் கவலை இல்லை. அறையை 24 டிகிரியிலும் 55 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டும் என்பது இலக்கு. சுவர், சன்னல், விளக்கு, மனித உடல் ஆகியவற்றின் வெப்பத்தைக் கூட்டி 10.2 கிலோவாட் என்று இளையவர் கண்டிருந்தார். மேற்குச் சன்னலின் உச்ச வெயிலை நண்பகலில் வைத்திருந்ததைத் தவிர அந்தப் பகுதியில் பெரிய பிழை இல்லை. அதையும் மாலைக்கு மாற்றினால் கூட்டுத்தொகை அதிகம் அசையவில்லை.

பிழை இருந்தது வெளிக்காற்றில். அறுபது பேர் மூச்சுவிடும் அறைக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 270 லிட்டர் புதுக்காற்று வர வேண்டும் என்று அவர் சரியாகவே எடுத்துக்கொண்டிருந்தார். (நம் ஊரில் பலர் சன்னலை இறுக மூடிவிட்டு இந்தச் சுமையே இல்லை என்று மகிழ்ந்துகொள்கிறார்கள், மதியத்துக்குமேல் மாணவர்கள் தூங்கி வழிவதற்குச் சாப்பாடு மட்டுமே காரணம் என்றும் நம்புகிறார்கள்.) வெளியே 39 டிகிரி, உள்ளே 24, வேறுபாடு 15 டிகிரி, அவ்வளவு காற்றை அந்த அளவுக்குக் குளிர்விக்க 4.9 கிலோவாட். முன்னதோடு கூட்டினால் 15.1. பாதுகாப்புக்கென்று 25 விழுக்காடு சேர்த்து ஏறத்தாழ 18.9 கிலோவாட், அதாவது 5.4 டன் என்று முடித்து, ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி நான்கு போதும் என்று எழுதியிருந்தார்.

வெளிக்காற்றின் ஈரம் எங்கே என்று ஓரத்தில் எழுதினேன். மறுநாள் அவர் வந்து, "அதைப் போட்டுத்தான் பார்த்தேன் சார், விடை நம்பும்படி இல்லை, அதனால் எடுத்துவிட்டேன்" என்றார். பழைய தாளை வாங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ஒரு நாளின் உச்ச வெப்பநிலையாகிய 39 டிகிரியை, அதே நாளில் காலை எட்டரை மணிக்குப் பதிவான 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு அவர் இணைத்திருந்தார். அந்த இணையின்படி புதுக்காற்று மட்டுமே ஏறத்தாழ 27 கிலோவாட் கேட்கிறது. நம்ப முடியாத விடை என்று அவர் உணர்ந்தது சரி. ஆனால் இணையைத் திருத்துவதற்குப் பதிலாக ஈரத்தையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்.

அந்த இணை நடக்க முடியாதது என்பதை வேறொரு வழியிலும் கண்டுகொள்ளலாம். ஒப்பு ஈரப்பதம் என்பது நீரின் அளவு அன்று. அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதுதான். காற்று சூடானால் அந்த உச்ச அளவு விரைவாக உயரும். ஆகவே நீர் ஒரு துளியும் குறையாமலே விழுக்காடு இறங்கும். 39 டிகிரியில் 80 விழுக்காடு என்றால், ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 36 கிராம் நீராவி இருக்க வேண்டும்; அக்காற்றைக் குளிர்வித்தால் 35 டிகிரியிலேயே நீர் படியத் தொடங்கும். இந்தப் படியும் வெப்பநிலைக்குத்தான் பனிநிலை என்று பெயர். நம் கரைக்கு ஈரம் வருவது வங்கக்கடலிலிருந்து. கோடையிலும் அதன் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. 30 டிகிரி நீரிலிருந்து ஈரம் எடுத்த காற்றின் பனிநிலை 35 ஆக முடியாது. கரையோர ஊரின் கணக்கில் பனிநிலை கடல்நீரின் வெப்பநிலையைத் தாண்டினால், தாளை அங்கேயே மடித்து வைத்துவிட்டுத் தரவைத் தேட வேண்டும்.

சரியான இணை எது என்று பார்க்க, மே மாதத்தில் ஒரு நாள் அந்தக் கட்டடத்து மொட்டை மாடியில் நிழலில் ஒரு பதிவுக்கருவியை வைத்தோம். முற்பகல் முழுவதும் நிலத்தின்மேல் தவழ்ந்துவந்த மேல்காற்று. பன்னிரண்டு மணிக்கு 39 டிகிரி, 35 விழுக்காடு. ஒரு மணிக்குப்பின் காற்று திசை திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் 34 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 65க்கு ஏறியது. கீழே தேநீர்க் கடையில் நின்றவர்கள் "அப்பாடா" என்று மூச்சு விட்டிருப்பார்கள். ஏசிக்கு அந்நேரம்தான் உண்மையான சோதனை.

39 டிகிரி மேல்காற்றின் ஒரு கிலோவில் இருந்த நீராவி 15.4 கிராம், 34 டிகிரிக் கடற்காற்றில் 22 கிராம். அறையின் இலக்கோ 10.2 கிராம்தான். ஆகவே கடற்காற்று வீசும்போது, உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் ஏறக்குறைய 12 கிராம் நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். கீழைக்காற்றுக்கு நம் முன்னோர் கொண்டல் என்று பெயர் வைத்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நீரைக் கொண்டதால் மேகமும் கொண்டல், அதைக் கொணரும் காற்றும் கொண்டல். சுமைக் கணக்குப் போடுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

பிழிவது எப்படி நடக்கிறது என்பதுதான் இத்துறையில் என்னை இன்றுவரை அலுக்காமல் வைத்திருப்பது. ஏசியின் உள்ளே, குளிர்ந்த செப்புக் குழாய்களின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப்பல் போல நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் பரப்பு 10, 12 டிகிரியில் இருக்கும். அறைக் காற்றின் பனிநிலை 14 டிகிரிக்குச் சற்று மேலே. ஆகவே தகட்டை உரசிச் செல்லும் காற்று பனிநிலைக்குக் கீழே தள்ளப்பட்டு, தன் நீராவியைத் தகட்டின்மேல் படியவிடுகிறது. ஆவி நீராகும்போது, ஒருகாலத்தில் அதைக் கடலிலிருந்து ஆவியாக்கச் செலவான வெப்பம் முழுவதும் அந்தத் தகட்டில் இறங்குகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். வெப்பமானியில் தெரியாது என்பதால் அந்தப் பெயர். ஒரு கிராம் நீராவி படியும்போது இறங்கும் வெப்பம், இரண்டரைக் கிலோ காற்றை ஒரு டிகிரி குளிர்விக்கும்போது எடுக்க வேண்டிய வெப்பத்துக்குச் சமம். அப்படியானால் 34 டிகிரிக் கடற்காற்றின் ஒரு கிலோவை 24க்குக் கொண்டுவருவது பத்துப் பங்கு வேலை. அதிலிருந்து 12 கிராம் நீரை எடுப்பது முப்பது பங்கு வேலை.

இதைக் கணக்கில் வைத்தால், நண்பகல் 39 டிகிரியில் புதுக்காற்றின் முழுச் சுமை 9.3 கிலோவாட், வெயில் தணிந்ததுபோல் தோன்றும் 34 டிகிரியில் 13.1 கிலோவாட். இளையவர் கண்டது 4.9. மனிதர்கள் விடும் மூச்சிலும் வியர்வையிலும் இருக்கும் ஈரத்துக்கு இன்னொரு 2.7 கிலோவாட்டை அவர் அறவே விட்டிருந்தார். எல்லாம் சேர்த்தால் 26 கிலோவாட், ஏறத்தாழ ஏழரை டன். இதை நம்பத் தயங்கினார். நீராகச் சொன்னேன்: புதுக்காற்றிலிருந்து மணிக்குப் பதினான்கு லிட்டர், மனிதர்களிடமிருந்து நான்கு லிட்டர். வடிகுழாயின் கீழே குடத்தை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பி வழிய வேண்டும். அப்படி நிரம்பவில்லை என்றால் மிச்ச ஈரம் அறையில்தான் இருக்கிறது.

ஏழரை டன் என்றால் இன்னும் ஓர் ஏசியை மாட்டிவிடலாமே என்பது அவருடைய அடுத்த கேள்வி. தாளில் நான் சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்ட இடம் இதுதான். 26 கிலோவாட்டில் வெப்பநிலையைக் குறைக்கும் வேலை 13.5, நீரை எடுக்கும் வேலை 12.5, ஏறக்குறைய சரிபாதி. சாதாரண ஸ்பிளிட் ஏசியோ தன் ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பநிலைக்கும் கால் பங்கை மட்டுமே ஈரத்துக்கும் செலவிடும்படி அமைந்தது. தெர்மோஸ்டாட்டுக்கு ஈரம் தெரியாது. 24 டிகிரி வந்ததும் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும். நீர் எடுப்பதும் அத்தோடு நின்றுவிடும். காற்றாடி மட்டும் சுழன்றுகொண்டிருந்தால், தகட்டில் ஒட்டியிருந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். இயந்திரம் பெரிதாகப் பெரிதாக 24 டிகிரி விரைவில் வரும், ஓய்வு நேரம் கூடும், அறை இன்னும் நமத்துப்போகும். ஈரப்பதம் 70ஐத் தாண்டிப்போகும். மஞ்சக்குப்பத்து வாசகியின் துணி நமத்ததும் பெரும்பாலும் இதனால்தான். நூற்றைம்பது சதுர அடிக்கு ஒரு டன் என்று நம் ஊரில் ஒரு வாய்பாடு உலவுகிறது. அதன்படி இந்த வகுப்பறைக்கு ஏறத்தாழ பதினொரு டன் மாட்டியிருப்பார்கள். நல்லநேரம் பார்த்து இயந்திரத்தை மாட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இந்த வாய்பாட்டை நம்புவதைத்தான் நான் மூடநம்பிக்கை என்பேன். 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அமைத்த முதல் அமைப்பே ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் நீண்டு சுருங்கியதைத் தடுப்பதற்காகத்தான்.

எனவே நான் பரிந்துரைத்தது வேறு. வெளிக்காற்று அறைக்குள் நுழையுமுன்பே அதன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கழற்றிவிட வேண்டும். ஈரமுறிஞ்சும் பூச்சுப் பூசிய தேன்கூடு போன்ற ஒரு சக்கரம் மெல்லச் சுழல்கிறது. அதன் ஒரு பாதி வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது, மறுபாதி வழியே அறையின் பழங்காற்று வெளியே போகிறது. புதுக்காற்றில் ஈரத்தையும் வெப்பத்தையும் வாங்கிக்கொண்ட பகுதி, சுழன்று மறுபக்கம் போனதும் அவற்றைக் குளிர்ந்து உலர்ந்த பழங்காற்றிடம் கொடுத்து வெளியேற்றிவிடுகிறது. நூற்றுக்கு எழுபது பங்கு இப்படி மாறுகிறது என்று கொண்டால், புதுக்காற்றின் 13.1 கிலோவாட் 3.9 ஆகிவிடும். மொத்தம் 16.8 கிலோவாட்; அதில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பநிலைக்கு. இப்போது சாதாரண இயந்திரங்களுக்குக் கையாளத்தக்க விகிதத்தை அது நெருங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 16.8 கிலோவாட் என்பது 4.8 டன், முதலில் இளையவர் எழுதிய நான்கு ஒன்றரை டன் ஏசிகளே போதும். "அப்படியானால் என் விடை சரிதானே சார்" என்று சிரித்தார். விடை சரி, கணக்கு தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

திருத்திய தாள் நேற்று வந்தது. இன்னும் ஒரு குறிப்பு பாக்கி. 270 லிட்டரும் சக்கரத்தின் வழியே திரும்பி வெளியேறும் என்று அவர் வைத்திருக்கிறார். ஆனால் அந்த மையத்தின் கழிப்பறைக் காற்றாடி வினாடிக்கு 50 லிட்டரைத் தனியே வெளியே தள்ளுகிறது, அந்தக் காற்றைச் சக்கரத்துக்குள் விட முடியாது. உள்ளே வருவது 270, சக்கரத்தின் மறுபாதியில் போவது 220 என்றால் எழுபது பங்கு நிற்காது. எவ்வளவு குறைகிறது என்று போட்டுப் பார்த்து வரும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்.