ஓடிப்போய்த் தூக்கியவருக்கு முப்பது விழுக்காடு பழியா?

பினாங்கில் விபத்து வழக்குகளை எடுத்து நடத்தும் வக்கீல் நான். சில ஆண்டுகளுக்கு முன் பிறையிலிருந்து ஒரு வெல்டர் ஊன்றுகோலோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வயது 44. கையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலின் கடிதம் இருந்தது. இழப்பீடு தரத் தயார், ஆனால் விபத்தில் இவருக்கும் முப்பது விழுக்காடு பொறுப்பு உண்டு என்று அதில் எழுதியிருந்தார்கள். “நான் என்ன தப்புங்க செஞ்சேன்? அந்தப் பையன் ரோட்டு நடுவுல கிடந்தான்” என்றார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கான பதில்தான். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். இருட்டத் தொடங்கிய நேரம். முன்னால் போன ஒரு லாரியிலிருந்து, சரியாகக் கட்டப்படாத பலகைகள் சாலையில் விழுந்தன. பின்னால் மோட்டாரில் வந்த பத்தொன்பது வயதுப் பையன் அதில் ஏறி, நடுத்தடத்தில் விழுந்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நம் வெல்டர் தன் மோட்டாரை ஓரம் கட்டினார், ஓடினார், பையனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தார். பையன் ஓரத்துக்கு வந்துவிட்டான். இவருடைய வலது கால் இன்னும் தடத்துக்குள் இருந்தபோது ஒரு வேன் மோதியது. தொடை எலும்பு முறிந்தது.

லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. இவர் ஆபத்து என்று தெரிந்தே தானாகப் போனார் என்பது முதலாவது. லாரிக்கும் இவருடைய காலுக்கும் நடுவில் வேன் வந்துவிட்டதால் லாரிக்காரரின் பொறுப்பு அங்கேயே அறுந்துவிட்டது என்பது இரண்டாவது. இவை இரண்டும் எடுபடாவிட்டாலும், கறுப்புச் சட்டையோடு, விளக்கு எதுவும் காட்டாமல், ஓடும் வாகனங்களுக்குள் இறங்கியது இவருடைய கவனக்குறைவு என்பது மூன்றாவது. இந்தக் கடைசி வாதத்திலிருந்துதான் அந்த முப்பது வந்தது.

முதல் இரண்டு வாதங்களுக்கும் பதில் ரொம்பப் பழையது. 1935-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் வெளிவந்த ஓர் ஆங்கிலேய வழக்கு இருக்கிறது, பெயர் ஹேய்ன்ஸ் எதிர் ஹார்வுட். ஆள் நடமாட்டமுள்ள தெருவில் குதிரை வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போனார்கள். ஒரு பையன் கல்லெறிந்தான், குதிரைகள் மிரண்டு ஓடின. போலீஸ் நிலையத்துக்குள் இருந்த காவலர் ஒருவர் தெருவில் பெண்ணும் பிள்ளைகளும் இருப்பதைப் பார்த்து வெளியே ஓடி, குதிரைகளைப் பிடித்து நிறுத்தினார். காயமும் பட்டார். தானாகப் போனவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது என்றது நீதிமன்றம். கூட்டமான தெருவில் குதிரையை அப்படி விட்டால், யாராவது ஒருவர் அதைத் தடுக்க ஓடுவார் என்பதை வண்டிக்காரர் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கக்கூடிய ஒன்று நடந்ததும், அது இடையில் புகுந்த புதிய காரணம் என்று சொல்லி நழுவ முடியாது.

நம் நாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் இங்கிலாந்தில் இருந்த, நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய ஆங்கிலேயத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் வழிகாட்டியாக எடுத்துக்கொள்வார்கள்.

அப்படி எடுத்துக்கொள்ளப்படும் தீர்ப்புகளில் என்னைவிட்டு அகலாதது 1959-இல் வந்த பேக்கர் எதிர் ஹாப்கின்ஸ். டார்பிஷயரில் ஒரு கிணற்றைச் சுத்தம் செய்ய, பெட்ரோல் பம்ப்பைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள் தேங்கியது. புகை போகும்வரை இறங்கக் கூடாது என்று முதலாளி வாயால் சொல்லியிருந்தும், மறுநாள் காலையில் இரண்டு தொழிலாளிகள் இறங்கி மயங்கி விழுந்தார்கள். அங்கே வந்த மருத்துவர் பேக்கரை, இறங்க வேண்டாம் என்று மேலே நின்றவர்கள் எச்சரித்தார்கள். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே இழுக்கும்போது கயிறு கிணற்றுக்குள் எதிலோ மாட்டிக்கொண்டது. அவரும் இறந்தார். அவருடைய குடும்பம் தொடுத்த வழக்கில் நிறுவனத்தின் வாதம், அந்தக் கடிதத்தின் வாதம்தான்: எச்சரிக்கையை மீறிப் போனது அவருடைய தவறு. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. காப்பாற்றப் போனவரின் இழப்பீட்டைக் குறைக்க வேண்டுமானால், அவர் தன் உயிரைப் பற்றித் துளியும் யோசிக்காமல் முழு முட்டாள்தனமாக நடந்தார் என்று காட்ட வேண்டும். ஆபத்துக்குள் போனார் என்பது மட்டும் போதாது.

நீதிமன்றங்கள் இவ்வளவு தயங்குவதற்குக் காரணம் இரக்கம் மட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று பார்க்கும்போது, அந்த நேரத்தில், அந்தச் சூழ்நிலையில் நியாயமான ஒரு மனிதர் என்ன செய்வார் என்று கேட்கிறோம். நம் வெல்டர் கால்பந்தை எடுக்கத் தடத்துக்குள் இறங்கியிருந்தால் அது கவனக்குறைவு. அங்கே ஓர் உயிர் கிடந்தது. எடுத்த ஆபத்தையும், எடுக்காமல் விட்டிருந்தால் போயிருக்கக்கூடியதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். முடிவெடுக்க இருந்த நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். கறுப்புச் சட்டையைப் பற்றி அலுவலகத்தில் ஏ.சி.யில் உட்கார்ந்து யோசிக்கலாம். அவருக்குக் கிடைத்தது சில விநாடிகள்.

அந்த விநாடிகளை எங்களால் எண்ணிக் காட்ட முடிந்தது. பின்னால் வந்த ஒரு காரின் டாஷ்கேமில் எல்லாம் பதிவாகியிருந்தது. பையன் விழுந்து நின்றதிலிருந்து வேன் மோதியதுவரை ஒன்பது விநாடி. வேன் ஓட்டுநர் தான் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்ததாகச் சொன்னார். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். அதாவது பையன் விழுந்தபோது வேன் 150 மீட்டர் தள்ளி இருந்திருக்க வேண்டும். சாலையில் ஆள் கிடப்பதைக் கவனிக்க அந்தத் தூரம் போதும். இவர் வேனுக்கு முன்னால் திடீரென்று குதித்தார் என்ற வாதம் அங்கே ஆட்டம் கண்டது. வேன் ஓட்டுநரையும் லாரிக்காரரையும் சேர்த்தே பிரதிவாதிகளாகப் போட்டிருந்தோம். ஒருவரை மட்டும் போட்டால், வராத ஆள்மேல் பழியைத் தள்ளிவிடுவார்கள்.

முப்பது விழுக்காடு என்றால் பணத்தில் எவ்வளவு? அவருடைய சம்பளத்தில் மாதம் 1,400 ரிங்கிட் போய்விட்டது. காயமடைந்தபோது 31 முதல் 59 வயதுக்குள் இருந்தவருக்கு, 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்து வருவதுதான் வருமான இழப்பைக் கணக்கிட வேண்டிய ஆண்டுகள் என்று சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. இவருக்கு 8 ஆண்டு வரும். 1,400-ஐ 12-ஆலும் 8-ஆலும் பெருக்கினால் 134,400 ரிங்கிட். வலி, சிகிச்சைச் செலவு எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கு 240,000-ஐத் தொட்டது. முப்பது விழுக்காட்டை ஒப்புக்கொண்டால் 72,000 ரிங்கிட் போய்விடும். ஒரு தொழிலாளியின் வீட்டில் அது எத்தனை வருடச் சேமிப்பு! பலர் “கிடைச்சது போதும்” என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த விழுக்காட்டைக் கேட்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எங்கள் வழக்கில் உண்மையான தலைவலி வேறு இடத்திலிருந்து வந்தது, போலீஸ் ரிப்போர்ட்டிலிருந்து. வலியோடு படுத்திருந்தவரிடம் கேட்டு மலாயில் எழுதியதில், தான் சாலையைக் கடந்தபோது வேன் மோதியதாக ஒரே வரி. மருத்துவமனைப் பதிவிலும் “பாதசாரி” என்றே இருந்தது. யாரைக் காப்பாற்றப் போனார் என்ற பேச்சே இல்லை. பிறகு கூடுதல் ரிப்போர்ட் கொடுத்தோம். வக்கீலைப் பார்த்த பிறகு ஜோடித்த கதை என்று எதிர்த்தரப்பு சொன்னது. டாஷ்கேம் மட்டும் இல்லையென்றால் நிலைமை கஷ்டம்தான். யாரையாவது காப்பாற்றப் போய் அடிபட்டால், யார் ஆபத்தில் இருந்தார், எங்கே கிடந்தார், நீங்கள் என்ன பார்த்து ஓடினீர்கள் என்பது முதல் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். முடியாத நிலையில் இருந்தால் கூட வந்த சொந்தக்காரர் நினைவுபடுத்திச் சொல்ல வைக்கலாம். கையெழுத்துப் போடும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டத்தின் இந்தப் பரிவுக்கு எல்லையும் உண்டு. 1933-இல் வந்த கட்லர் எதிர் யுனைட்டட் டெய்ரீஸ் வழக்கில், வண்டிக் குதிரை ஏற்கெனவே ஒரு வயலுக்குள் போய்விட்டது. யாருக்கும் ஆபத்தில்லை. உதவி கேட்டதைக் கேட்டு உள்ளே போய் அதைப் பிடிக்க முயன்றவர் அடிபட்டார், தோற்றார். ஆபத்து முடிந்துவிட்ட இடத்தில் காப்பாற்றுதல் என்ற பேச்சு கிடையாது. நம் வெல்டர் பையனை ஓரம் சேர்த்த பிறகு, அவன் கைப்பேசியை எடுக்க மறுபடி தடத்துக்குள் இறங்கியிருந்தால் அந்த முப்பதோடு போராட எனக்குத் தைரியம் வந்திருக்காது. காப்பாற்றும் விதத்திலும் குறை காணலாம். 1981-இல் வந்த ஹாரிசன் வழக்கில், ஓடும் ரயிலில் ஏற முயன்ற ஆளைப் பிடித்து இழுத்த ரயில் கார்டு கீழே விழுந்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த அவசர பிரேக்கைப் போடாமல் விட்டதற்காக அவருடைய இழப்பீட்டில் இருபது விழுக்காடு குறைத்தார்கள்.

அதே ஹாரிசன் வழக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: தன் முட்டாள்தனத்தால் ஆபத்தில் மாட்டிக்கொண்டவரே, தன்னைக் காப்பாற்ற வந்தவருக்குப் பொறுப்பாக முடியும். இது எங்களுக்குத் தேவைப்பட்டது, ஆனால் வேறு விதமாக. பையன்தான் எங்கள் முக்கியச் சாட்சி, அவன் வர மறுத்தான். அவனிடம் லைசென்ஸ் இல்லை. நீதிமன்றத்தில் அது வெளியே வந்தால் தன்னைக் காப்பாற்றியவருடைய கேஸ் கெட்டுப்போகும் என்று பயந்தான். அவனுடைய அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினேன். காப்பாற்ற வந்தவருக்குக் காட்ட வேண்டிய கவனம் அவருக்கென்றே தனியாக இருக்கிறது, உன் தவறு அவர் கணக்கில் ஏறாது, லைசென்ஸ் விஷயத்துக்கு நீ தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம், அதை மறைக்க மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் பதில் இல்லை.

விசாரணையின் இரண்டாம் நாள் காலையில், பட்டர்வொர்த் செஷன்ஸ் நீதிமன்ற வாசலில் அம்மாவோடு நின்றிருந்தான். கூண்டில் ஏறி, லைசென்ஸ் இல்லை என்பதை அவனே முதலில் சொன்னான். எழுந்திருக்க முயன்றதாகவும் கால் வரவில்லை என்றும் சொன்னான். “லைட் கிட்ட வந்துருச்சு. அப்பதான் யாரோ என்னை இழுத்தாங்க” என்றான். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் மூன்றே கேள்வி கேட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மதியம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. புதிய தொகையில் எந்த விழுக்காடும் கழிக்கப்படவில்லை.