வருகைப் பதிவில் இல்லாத குழந்தை

பெண்கள் சிறைப் பிரிவுக்கு மாதம் இருமுறை சென்று, தாயோடு தங்கியிருக்கும் குழந்தைகளைப் பரிசோதிப்பது பல ஆண்டுகளாக என் பணிகளில் ஒன்று. அங்கே நான் பார்த்த ஒரு குழந்தையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எட்டாவது மாதத்தில் 7.6 கிலோ இருந்த அந்தப் பெண் குழந்தை, பதினோராவது மாதத்தில் 7.7 கிலோவே இருந்தது. அந்த வயதில், மூன்று மாதங்களில் ஏறத்தாழ முக்கால் கிலோ கூடியிருக்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் குறை தென்படவில்லை. தாய் ஒழுங்காக ஊட்டுவதில்லை என்று பணியிலிருந்த காவலர் சொன்னார். நான் தாயுடன் தனியாக அமர்ந்து, குழந்தை ஒரு காலையிலிருந்து மறுநாள் காலைவரை எப்போது என்ன உண்கிறது என்று மணிக்கணக்கோடு எழுதிப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது.

மாலை ஐந்து மணிக்கு இரவு உணவு வரும், ஐந்தரைக்கு அறை பூட்டப்படும், அடுத்த உணவு மறுநாள் காலை ஏழரைக்குத்தான். ஒன்பது மாதத்தைக் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று நான்கு வேளை திட உணவும், தேவைப்பட்டால் இடையே ஓரிரு முறை சிற்றுணவும் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சின்ன வயிறு ஒரே நேரத்தில் அதிகம் கொள்ளாது. அந்தத் தாய் மாலை உணவில் கொஞ்சத்தை மசித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். அறைச் சோதனையில் அது பறிமுதல் செய்யப்பட்டு, அவருக்கு எச்சரிக்கையும் எழுதப்பட்டது. அதன்பின் அவர் எடுத்து வைக்கவில்லை. பாலூட்டும் அவருக்கும் மற்றவர்களுக்குரிய அதே அளவு உணவுதான் கிடைத்தது.

இதில் யாரும் கொடுமை செய்யவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறைக்குள் உணவு வைத்திருக்கக் கூடாது என்ற விதி, பண்டமாற்றையும் மறைத்து வைப்பதையும் தடுப்பதற்காக ஆண்கள் பிரிவில் ஏற்பட்டது. உலகச் சிறைவாசிகளில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர்தான் என்பதால், சமையலறை நேரம், பூட்டும் நேரம், தண்டனைப் பட்டியல் எல்லாம் ஆண்களுக்கு வகுத்தபடியே இங்கும் வந்து சேருகின்றன. இந்தக் குறையைச் சரிசெய்யவே 2010-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாங்காக் விதிகள் எனப்படும் எழுபது விதிகளை ஏற்றது. தாயோடு இருக்கும் குழந்தையை ஒருபோதும் கைதியாக நடத்தக் கூடாது என்று அவற்றுள் ஒன்று கூறுகிறது. அந்த நல்ல விதி நடைமுறையில் திரிந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்: கைதி அல்லாத குழந்தை வருகைப் பதிவில் வராது, பதிவில் வராததற்கு உணவு ஒதுக்கீடு இல்லை, மருத்துவக் கோப்பும் இல்லை. நான் பார்த்த எடைகள்கூடத் தாயின் கோப்பின் ஓரத்தில்தான் குறிக்கப்பட்டிருந்தன.

கண்காணிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் மூன்றே கோரிக்கைகளை வைத்தேன்: குழந்தையின் பெயரில் தனிக் கோப்பு, பூட்டுவதற்கு முன் மூடிய கிண்ணத்தில் உணவும் வெந்நீர்க் குடுவையும், தாய்க்குக் கூடுதல் உணவு. அவரது ஒரு பக்க ஆணையே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆறு வாரத்தில் குழந்தை 8.2 கிலோவை எட்டியது.

குழந்தை எத்தனை வயதுவரை தாயோடு இருக்கலாம் என்பதில் நாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. இங்கிலாந்தில் பொதுவாகப் பதினெட்டு மாதம், இந்தியாவில் ஆறு வயது. வயதெல்லையைவிட, அந்த நாள் எப்படி வருகிறது என்பதே எனக்குக் கவலை தருகிறது. கண்ணாடிக்கு அப்பால் இரண்டு முறை மட்டுமே பார்த்த உறவினரிடம் வாசலில் வைத்து ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை நான் பின்னர் மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுவதைவிட, அழாமல் உண்ண மறுப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன். பிரிக்கும் முடிவு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஆராய்ந்து எடுக்கப்பட வேண்டும், மாற்று ஏற்பாடு உறுதியான பின்னரே பிரிக்க வேண்டும் என்று பாங்காக் விதிகள் கூறுவதன் பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது.

இந்தக் குழந்தைக்கு அந்த நாள் மூன்று வயதில் வந்தது. அதற்கு முன் நான்கு மாதங்கள் பாட்டி வந்து, தடுப்பில்லாத அறையில் தாயும் உடனிருக்க அவளோடு விளையாடினார். பிறகு ஒரு பகல், அடுத்து ஓர் இரவு, அதன்பின் ஒரு வாரம் என்று அவளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்தார். முதல் நாள், மூடியிருந்த ஒரு கதவின் முன் அவள் அசையாமல் நின்றிருக்கிறாள். கதவைத் தானே திறக்கலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. வேறொருவர் வந்து திறப்பார் என்று காத்திருந்தாள். பாட்டி அவள் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து அழுத்திக் காட்டினாராம். அன்று மாலை தொலைபேசியில் அதைக் கேட்ட தாய், மகள் இன்று எத்தனை கதவுகளைத் திறந்தாள் என்று அதன்பின் ஒவ்வொரு அழைப்பிலும் கேட்டு வந்தார்.