காற்று தள்ளும்போது தூண்கள் என்ன செய்கின்றன: கேண்டிலீவர் முறையில் ஒரு பன்னிரண்டு மாடிக் கணக்கு

உயரமான கட்டடத்தின் பக்கவாட்டில் காற்று மோதினால், காற்று வரும் பக்கத்துத் தூண்கள் மேலே இழுக்கப்படும், எதிர்ப்பக்கத்துத் தூண்கள் அமுக்கப்படும். எந்தத் தூணில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இன்று கணினியில் சட்டகத்தை வரைந்து நொடியில் விடை எடுத்துவிடலாம். ஆனால் அந்த விடை சரியா என்று பார்க்கவும், வரைபடம் தயாராகும் முன்பே தூணுக்கு உத்தேச அளவு கொடுக்கவும், ஒரே தாளில் முடிகிற கைக்கணக்கு வேண்டும். ஏ.சி. வில்சன் 1908-இல் முன்வைத்த கேண்டிலீவர் முறை அப்படிப்பட்ட ஒன்று.

முறையின் கரு இதுதான்: முழுக் கட்டடத்தையும் தரையில் ஊன்றிய ஒரே கேண்டிலீவர் பீமாக எடுத்துக்கொள்கிறோம். தூண்கள் அந்தப் பீமின் குறுக்குவெட்டில் ஆங்காங்கே இருக்கும் துண்டுகள். பீம் வளையும்போது நடுவில் தகைவு இருக்காது, விளிம்பை நோக்கிப் போகப்போகக் கூடும். அதேபோல, தூண்களின் பரப்பு மையத்திலிருந்து ஒரு தூண் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் அச்சுத் தகைவும் இருக்கும் என்று கொள்கிறோம். இதோடு இன்னோர் அனுமானமும் உண்டு. ஒவ்வொரு பீமின் நடுவிலும், ஒவ்வொரு மாடித் தூணின் நடு உயரத்திலும் வளைவு மாற்றப் புள்ளி இருக்கிறது. அங்கே வளைவுத் திருப்புத்திறன் பூஜ்யம், அதாவது அந்த இடத்தில் ஒரு கீல் இருப்பதைப் போல.

இந்த அனுமானங்கள் எண்ணிக்கையில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மூன்று வரிசைத் தூண், பன்னிரண்டு மாடி கொண்ட சட்டகத்தில் 24 மூடிய கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்கு 3 வீதம், சமநிலைச் சமன்பாடுகளால் மட்டும் தீர்க்க முடியாத தெரியா எண்கள் 72. பீம்களில் 24 கீல், தூண்களில் 36 கீல் என 60 போய்விடும். மீதி 12, மாடிக்கு ஒன்று. அந்த ஒன்றைத் தருவதுதான் தொலைவுக்கேற்ற தகைவு என்ற விதி.

இனி எண்களோடு பார்ப்போம். தூண்கள் இடமிருந்து 0, 6, 9 மீட்டரில் இருக்கின்றன. இடப்பக்கம் 6 மீட்டர் அகல அறை, வலப்பக்கம் 3 மீட்டர் நடைபாதை, அதாவது காரிடார். மாடி உயரம் 3.5 மீட்டர், மொத்தம் 12 மாடி, 42 மீட்டர். காற்று இடப்பக்கமிருந்து வருகிறது. மொட்டை மாடித் தளத்தில் 12 கிலோநியூட்டன், மற்றத் தளம் ஒவ்வொன்றிலும் 24 கிலோநியூட்டன் தள்ளுகிறது. மூன்று தூண்களுக்கும் ஒரே குறுக்குவெட்டுப் பரப்பு என்று வைத்துக்கொள்வோம்.

பரப்பு மையம் (0 + 6 + 9) ÷ 3 = 5 மீட்டரில் விழுகிறது. அங்கிருந்து தொலைவுகள்: இடத் தூண் 5, நடுத் தூண் 1, வலத் தூண் 4. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 42. சூத்திரம், பீமுக்கு நாம் எழுதுவதேதான்:

F = M × A × d / Σ(A × d²)

இதில் F தூணின் அச்சு விசை, M வெட்டுக்கு மேலே இருக்கும் காற்று விசைகளின் திருப்புத்திறன், A தூணின் பரப்பு, d மையத்திலிருந்து அதன் தொலைவு.

மேல் மாடியில் தூண்களின் நடு உயரத்தில் கட்டடத்தை வெட்டுகிறோம். வெட்டுக்கு மேலே இருப்பது 12 கிலோநியூட்டன் மட்டுமே, அது 1.75 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருப்புத்திறன் 21. அதை 42-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.5. எனவே இடத் தூணில் 2.5 இழுவிசை, நடுவில் 0.5 அமுக்கம், வலத்தில் 2.0 அமுக்கம். இழுவிசையும் அமுக்கங்களின் கூட்டுத்தொகையும் சமமாக வருகின்றன. வராவிட்டால் மையத்தைத் தப்பாக எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அச்சு விசை கிடைத்ததும் மற்றவை வரிசையாக வரும். மேலே இட மூலையில் தூண் 2.5 கீழே இழுக்கிறது. அதைத் தாங்க அங்கே இருப்பது பீம் ஒன்றுதான், ஆகவே பீமின் வெட்டு விசை 2.5. பீமின் நடுவில் கீல் இருப்பதால் முனைத் திருப்புத்திறன் 2.5 × 3 = 7.5. நடுத் தூணைத் தாண்டினால் 0.5 குறைந்து வலப் பீமில் வெட்டு விசை 2.0, திருப்புத்திறன் 2.0 × 1.5 = 3.0. இந்தத் திருப்புத்திறனைத் தூண்தான் வாங்க வேண்டும்: இடத் தூண் 7.5, வலத் தூண் 3.0, நடுத் தூண் இரு பக்கத்து பீம்களையும் சேர்த்து 10.5. ஒவ்வொன்றையும் 1.75-ஆல் வகுத்தால் தூண்களின் வெட்டு விசை 4.29, 6.00, 1.71. கூட்டினால் 12. மேலே இருக்கும் காற்று விசையும் அதே 12.

கடைசியாகச் செய்த இந்தக் கூட்டலை ஒரு மாடியிலும் விடக்கூடாது. அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றை அது உடனே பிடித்துவிடும். நடு உயரத்தில் வெட்டுவதற்குப் பதிலாகத் தள மட்டத்தில் வெட்டிவிடுவதுதான் அந்தத் தவறு. அப்படிச் செய்தால் மேல் மாடியில் 21-க்குப் பதிலாக 42 வரும், விசைகள் எல்லாம் இரட்டிப்பாகும், தூண் வெட்டு விசைகளின் கூட்டுத்தொகை 24 என்று நிற்கும். இதே தவறு அடி மாடியில் திருப்புத்திறனை 5565-இலிருந்து 6048 ஆக்கும். வித்தியாசம் 9 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அங்கே கண்ணில் படாது. சரிபார்ப்பதை மேலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த மாடியில் வெட்டினால் திருப்புத்திறன் 12 × 5.25 + 24 × 1.75 = 105. தூண் விசைகள் 12.5, 2.5, 10. பீமின் வெட்டு விசை இங்கே முழு தூண் விசை அல்ல, இரண்டு மாடிகளுக்கும் இடையிலான வித்தியாசம்: 12.5 − 2.5 = 10. எனவே இடப் பீமில் திருப்புத்திறன் 30. அதில் 7.5 மேல் தூணுக்குப் போக, மீதி 22.5 கீழ்த் தூணுக்கு. இப்படியே தளம் தளமாக இறங்கினால், அடி மாடியில் M = 5565, மீட்டருக்கு 132.5. இடத் தூணில் 662.5 இழுவிசை, நடுவில் 132.5, வலத்தில் 530 அமுக்கம்.

அந்த 662.5 அடித்தளத்தையே தூக்கப் பார்க்கும் விசை. சட்டகங்களின் இடைவெளி 4 மீட்டர் என்றால், இடத் தூணுக்குச் சேரும் தளப்பரப்பு மாடிக்கு 12 சதுர மீட்டர். கட்டடத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 8 கிலோநியூட்டன் என்று கொண்டால் 12 தளத்துக்கு 1152. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 சொல்லும் சுமைச் சேர்க்கையில் சொந்த எடைக்கு 0.9, காற்றுக்கு 1.5 காரணி. ஒரு பக்கம் 1037, எதிர்ப்பக்கம் 994. தூண் இழுவிசைக்குப் போகாமல் நூலிழையில் தப்புகிறது. இப்படி ஒரு தகவல் திட்டம் வரையும் முதல் வாரத்திலேயே தெரிந்தால், தூண் வரிசையை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்.

தூண்களின் பரப்பு சமமாக இல்லாவிட்டால் கவனம் தேவை. தொலைவுக்கு ஏற்ப மாறுவது தகைவு, விசை அல்ல. நடுத் தூணின் பரப்பு இருமடங்கு என்றால் மையம் 5.25 மீட்டருக்கு நகரும், நடுத் தூணின் தொலைவு 1-இலிருந்து 0.75 ஆகக் குறையும். ஆனாலும் மேல் மாடியில் அதன் விசை 0.5-இலிருந்து சுமார் 0.74 ஆகக் கூடுகிறது, ஏனென்றால் தகைவைப் பரப்பு இரண்டால் பெருக்க வேண்டும். மையத்தை மட்டும் பரப்பு சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டு, விசையைத் தொலைவை மட்டும் வைத்துப் பங்கிடுகிறவர்கள் உண்டு. அப்போது மேல்-கீழ் விசைகளின் கூட்டல் சமன்படாது.

அடி மாடியில் இன்னொரு சிக்கல். தூணின் நடுவில் கீல் என்ற அனுமானம், அடித்தளம் அசையாமல் இறுகப் பிடித்திருந்தால்தான் ஓரளவு பொருந்தும். அடித்தளம் திரும்பக்கூடியது என்றால், திருப்புத்திறன் பூஜ்யமாகும் இடம் தூணின் அடிக்கே இறங்கிவிடும். வெட்டையும் அங்கேதான் எடுக்க வேண்டும். இட விசை 720 ஆகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் முதல் தள பீமில்: இடப் பீமின் திருப்புத்திறன் 330-இலிருந்து 502.5-க்குத் தாவுகிறது. தூணின் அடியில் ஒன்றும் நிற்காததால் முழுத் திருப்புத்திறனும் மேல் முனைக்கு வருகிறது, அதை அந்தப் பீம்தான் ஏற்க வேண்டும்.

இப்போது இந்த முறையின் பலவீனமான இடத்துக்கு வருவோம். அது 3 மீட்டர் காரிடார் பீம். முதல் தளத்தில் இரண்டு பீம்களின் முனைத் திருப்புத்திறன்களையும் கூட்டினால் 462 வர வேண்டும். தூண்களின் நடுவில் கீல் இருக்கும்வரை, எந்த முறையில் கணக்கிட்டாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. அதை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. கேண்டிலீவர் முறை நீள பீமுக்கு 330, குட்டைப் பீமுக்கு 132 தருகிறது. நடுத் தூணுக்கு ஓரத் தூணைப் போல இருமடங்கு வெட்டு விசை என்று கொள்ளும் போர்ட்டல் முறை, இரண்டுக்கும் சமமாக 231 தரும். பீம்கள் ஒரே அளவினவாக இருந்து, சந்திகள் எல்லாம் ஒரே கோணம் திரும்பி, தூண்களின் நீளம் மாறாமல் இருந்தால் குட்டைப் பீமே இருமடங்கு விறைப்பானது. அதன் பங்கு 308, நீள பீமின் பங்கு 154.

ஒரே பீமுக்கு 132, 231, 308. கேண்டிலீவர் முறை ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறது? வெட்டின் தளம் வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் என்பது அதன் உள்ளே இருக்கும் நம்பிக்கை. அதற்குப் பீம்கள் தூண்களின் நீட்சியையும் சுருக்கத்தையும் கட்டிப்போடும் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். சாதாரண பீம்-தூண் சட்டகத்தில் அப்படி இருப்பதில்லை. மெல்லிய உயரக் கட்டடத்தின் மேல் மாடிகளில், தூண்களின் நீள மாற்றம் கீழிருந்து சேர்ந்துகொண்டே வருவதால், குட்டைப் பீமின் சுமை ஓரளவு தணியும். கீழ் மாடிகளில் அந்தத் தணிவு குறைவு.

தூண் விசையிலும் இந்த முரண் தெரியும். நடுத் தூணில் கேண்டிலீவர் முறை 132.5 அமுக்கம் என்கிறது, போர்ட்டல் முறையோ 463.75 இழுவிசை என்கிறது. குறியே மாறிவிடுகிறது. வலத் தூணில் ஒன்று 530, மற்றொன்று 927.5. இரண்டும் 5565 என்ற திருப்புத்திறனைச் சரியாகச் சமன் செய்கின்றன, ஆகவே சமநிலையை மட்டும் பார்த்து எது உண்மைக்கு அருகில் என்று சொல்ல முடியாது. சமமான இடைவெளியும் நான்கைந்து வரிசைத் தூண்களும் உள்ள உயர்ந்த சட்டகத்தில் இவ்வளவு பெரிய விலகல் வராது. ஒரு கட்டம் மற்றதைவிடப் பாதி அகலமாக இருக்கும்போதுதான் வரும்.

எனவே இப்படிப்பட்ட சட்டகத்தில் இடத் தூணின் தூக்கு விசைக்குக் கேண்டிலீவர் முறையின் 662.5-ஐயும், வலத் தூணின் அமுக்கத்துக்குப் போர்ட்டல் முறையின் 927.5-ஐயும் முதல் உத்தேசமாக எடுப்பது இந்த இரண்டு முறைகளுக்குள் பாதுகாப்பானது. காரிடார் பீமைக் கீழ் மாடிகளில் 308-க்கு அளவிட வேண்டும். கணினி விடை வந்ததும் முதலில் அந்தப் பீமின் எண்ணைப் பார்க்க வேண்டும். அது 132-க்குப் பக்கத்தில் இருந்தால், பீமின் விறைப்பையோ தூணின் பரப்பையோ உள்ளீட்டில் தவறாகக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.